"எடுத்தாச்சு மேடம்"

ஒரு நிமிடம் 40 விநாடி ஓடும் வீடியோ அது. முதல் பாதியில் மூன்றரை வயதுப் பையன் ஒருவன் பாயில் உட்கார்ந்து பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கீழே பெரிய எழுத்தில் 'முன்பு' என்று இருக்கிறது. பிறகு இசை மாறுகிறது. எட்டு மாதம் கழித்து அதே பையன் படஅட்டையைப் பார்த்து காக்கா, நாய், பூனை என்று சொல்கிறான். இதற்கு 'பின்பு' என்று போட்டிருக்கிறார்கள். கடைசியில் அவன் அம்மா கண் கலங்க, "இங்க வந்த பிறகுதாங்க எம் பையன் என்னை அம்மான்னு கூப்பிட்டான்" என்கிறார்.

அந்த அம்மா எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அன்று அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பேச்சுப் பயிற்சி மையத்துக்காரர்கள் கேட்டபோது நன்றிக்கடனாக நினைத்துத்தான் பேசிக் கொடுத்தார். இப்போது பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். போன ஆண்டு யாரோ ஒரு பையன் தன் அம்மாவின் போனில் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். மறுநாளே 'முன்பு' என்பது அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவன் அழவில்லை. "நான் எப்படி இருந்தேன்னு எதுக்கும்மா எல்லார்த்துக்கும் காட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டான்.

இந்தக் கேள்வியோடுதான் அவர் என்னிடம் வந்தார். கையில் நான்கு பக்கச் சேர்க்கைப் படிவத்தின் நகல் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற வரிக்குக் கீழே ஒரு பத்தி. குழந்தையின் படங்களையும் காணொளிகளையும் பெற்றோரின் கருத்துகளையும் மையம் தன் விளம்பரங்களுக்குக் காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. "கையெழுத்துப் போட்டுட்டேனுங்களே, இனி என்ன கேக்க முடியும்?" என்றார்.

கேட்க முடியும். ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எதுவரை நடக்கும் என்பதெல்லாம் தெரிந்து கேட்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு, "எடுத்தாச்சு மேடம்" என்ற பதிலைக் கேட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பதில் முழுப் பொய்யாக இருப்பது குறைவு. பாதி உண்மையாக இருப்பதுதான் வழக்கம்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. நமக்கு நன்றாகத் தெரிந்த வழக்குதான் அது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் கோபால் தமிழக அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அந்தத் தீர்ப்பைக் கொண்டாடுகிறோம். குடும்பம், மகப்பேறு, கல்வி போன்றவை ஒருவரின் சொந்த விஷயங்கள், அனுமதியின்றி அவற்றை வெளியிட யாருக்கும் உரிமை இல்லை என்று அதே தீர்ப்பில் இருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

நம் வழக்கில் சம்மதம் இருக்கிறது. அதைத் திரும்பப் பெறலாமா என்பதுதான் கேள்வி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகள் இதற்கு நேரடியாகவே பதில் தருகின்றன. ஒருவரின் உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் கம்பெனியோ கூட்டு நிறுவனமோ தனியாள் நடத்தும் தொழிலோ எதுவானாலும், விவரம் கொடுத்தவர் தன் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எழுத்தில் கேட்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அப்படிப்பட்ட நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். வந்த குறையை அவர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெரும்பாலான பயிற்சி மையங்களில் அப்படி ஒருவர் இருப்பதில்லை. அதனால் உங்கள் உரிமை போய்விடாது. 'குறைதீர்ப்பு அலுவலருக்கு' என்று விலாசமிட்டே அனுப்பலாம்.

இதைவிடக் கூர்மையானது 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 18 வயது நிரம்பாத எல்லோரும் இதில் குழந்தைகள். அவர்கள் சார்பில் பெற்றோர் சம்மதம் தருகிறார்கள், அவர்களே திரும்பப் பெறவும் செய்யலாம். சம்மதம் தருவது எவ்வளவு எளிதாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு கையெழுத்தில் வாங்கியதைத் திருப்பித் தர, நேரில் வா, இயக்குநரைப் பார், முத்திரைத்தாளில் எழுதித் தா என்று அலைய விடக்கூடாது. திரும்பப் பெற்றதும் நியாயமான காலத்துக்குள் பயன்பாட்டை நிறுத்தி, அந்தத் தரவை அழிக்கவும் வேண்டும். நிறுவனத்துக்காக அதைக் கையாளும் விளம்பர முகவர், இணையதளம் நடத்துகிறவர் ஆகியோரையும் நிறுத்தச் செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. குழந்தைகள் தரவு தொடர்பான கடமைகளை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. சம்மதம், திரும்பப் பெறுதல், அபராதம் ஆகிய முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை 2011 விதிகளை வைத்துத்தான் பேச வேண்டும். அபராதம் கட்டினாலும் அது அரசுக் கஜானாவுக்குப் போகும், பையனுக்கு இழப்பீடாக வராது. இன்னொன்று, திரும்பப் பெறுவது அன்றிலிருந்துதான் செல்லும். ஏழு ஆண்டுகளாக அந்த வீடியோவைக் காட்டியது தவறு என்று அது பின்னோக்கிப் போய்த் தீர்ப்புச் சொல்லாது.

'காலவரையின்றி' என்று படிவத்தில் இருக்கிறதே என்றால், சட்டம் தந்த உரிமையைப் படிவத்து வரி பறிக்க முடியாது. ஆனால் பலன் எதையாவது வாங்கியிருந்தால் கணக்கு வேறு. வீடியோ கொடுத்ததற்காக பத்து வகுப்பு இலவசமாகத் தந்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்கப் பார்ப்பார்கள். திரும்பப் பெறுவதால் வரும் விளைவு, திரும்பப் பெறுகிறவரைச் சேரும் என்று புதுச் சட்டத்தில் வரியும் இருக்கிறது. நம் அம்மா எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதையும் கடிதத்திலேயே சொல்லிவிடச் சொல்லியிருப்பேன். அவர்கள் வாயால் முதலில் வருவதைவிட அது நல்லது.

மருத்துவர் நடத்தும் கிளினிக் என்றால் இன்னொரு பிடி உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுக்கின்றன. அதைவிட முக்கியம், தான் குணப்படுத்தியவற்றைச் சொல்லிப் பெருமை பேசுவதும் அதை வெளியிட விடுவதுமே அந்த விதிகளின்படி ஒழுங்கீனம். ஆகவே 'எங்களிடம் குணமான குழந்தைகள்' என்று ஒரு டாக்டர் படம் போட்டால், உங்கள் கையெழுத்து இருந்தாலும் அவர் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் நோயாளிகளின் படங்களையும் பாராட்டுகளையும் சமூக ஊடகத்தில் போடுவதை வெளிப்படையாகவே தடை செய்யும் புது விதிகளைக் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே அவற்றை நிறுத்தி வைத்துப் பழைய விதிகளுக்கே திரும்பிவிட்டது. மருத்துவ கவுன்சில் கேள்வி கேட்பதெல்லாம் பதிவு பெற்ற டாக்டர்களை மட்டும்தான். நம் மையத்தை நடத்துபவர் பேச்சுப் பயிற்சியாளர், டாக்டர் அல்ல. வாசலில் கிளினிக் என்று பலகை இருப்பதால் மட்டும் அந்தக் கதவு திறக்காது.

இனி கடிதம். எழுத உட்காருவதற்கு முன்பு இரண்டு மாலைகள் அவரும் நானும் தேடினோம். படம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியாமல் எடுங்கள் என்று கேட்டால், தெரிந்த ஓர் இடத்தில் எடுத்துவிட்டு முடிந்தது என்பார்கள். மையத்தின் யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், இணையதளம் நான்கையும் அடிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தோம். இன்ஸ்டாகிராமில் பதிவுகளை மட்டும் பார்த்தால் போதாது, பெயருக்குக் கீழே வட்ட வட்டமாக இருக்கும் பழைய ஸ்டோரி தொகுப்புகளையும் திறக்க வேண்டும். வீடியோவை நிறுத்திப் பையன் முகம் தெரியும் இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினோம். ஈரோட்டில் அதே மையத்தின் கிளை தன் பக்கத்தில் வீடியோவைத் தனியாக ஏற்றியிருந்தது தெரிந்தது. அது அந்த அம்மாவுக்கே செய்தி.

இன்னொரு இடத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. காசு கட்டி ஓடும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்கள் மையத்தின் பக்கத்தில் பதிவாகத் தெரியாமலே உங்கள் ஊர்க்காரர்களின் போனில் வந்துகொண்டிருக்கலாம். மெட்டா நிறுவனம் 'Ad Library' என்ற பெயரில் ஒரு பொதுப் பக்கம் வைத்திருக்கிறது. அதில் மையத்தின் பெயரைப் போட்டால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் எல்லாம் வரும். பையனின் 'முன்பு' காட்சி அங்கே ஒரு விளம்பரத்தின் முகப்பாக இருந்தது. வகுப்புத் தோழனின் அம்மா போனுக்கு அது எப்படி வந்தது என்ற மர்மம் அங்கே விலகியது. நிறுத்தியதும் அந்த விளம்பரம் அங்கிருந்து மறைந்துவிடும் என்பதால், பார்த்த உடனே தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம்.

கடைசியாக, தன் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீடியோவை அம்மாவே தன் ஃபேஸ்புக்கில் பெருமையாகப் பகிர்ந்திருந்தார். சித்தி ஒருவரும் பகிர்ந்திருந்தார். கூகுளில் மையத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பையன் பெயரோடு எழுதிய பாராட்டும் அப்படியே இருந்தது. ஒருவர் தானாகவே பொதுவெளியில் வைத்த தகவலுக்குப் புதுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. நாமே வைத்துக்கொண்டு அவர்களை எடுக்கச் சொன்னால் பேச்சு எடுபடாது. முதலில் அவற்றை அழித்தார். தன் கூகுள் பாராட்டைத் தானே அழிக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இது. விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

"என் மகன் தங்கள் மையத்தில் சேர்ந்தபோது நான் கையெழுத்திட்ட படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் உள்ள, படம், காணொளி, கருத்து ஆகியவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் சம்மதத்தை இந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். நான் காணொளியில் பேசியதும் எழுதிக் கொடுத்ததும் இதில் அடங்கும். இணைப்பில் உள்ள ஒன்பது இடங்களிலும், தங்களுக்குத் தெரிந்த வேறு எல்லா இடங்களிலும் அவற்றை நீக்க வேண்டும். மறைத்து வைப்பதைக் கேட்கவில்லை, அழிப்பதைக் கேட்கிறேன். தங்கள் கிளைகளுக்கும் விளம்பர முகவருக்கும் தெரிவித்து அவர்களும் நீக்கியதை உறுதி செய்ய வேண்டும். சிகிச்சைக் கோப்பில் உள்ள பதிவுகளைப் பற்றி இந்தக் கடிதம் பேசவில்லை. 15 நாட்களுக்குள், எந்தெந்த இடத்தில் எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்று எழுத்தில் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் காரணம் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டப்பெயர் கதையை எழுதலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அதன்மேல் பேச்சு திரும்பும். 'பசங்க அப்படித்தான் மேடம், கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க' என்று ஆறுதல் வரும், வீடியோ அங்கேயே இருக்கும்.

சிகிச்சைக் கோப்பு பற்றிய வரியும் வேண்டுமென்றே போட்டது. எல்லாவற்றையும் அழி என்று எழுதினால், பயிற்சியின் முன்னேற்றத்தைக் குறித்து வைத்த பதிவுகளும் போய்விடும். நாளை பையனுக்கு வேறு ஏதாவது தேவைப்பட்டால் அந்தக் கோப்பு வேண்டியிருக்கும். டாக்டர்கள் நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. விளம்பரம் வேறு, கோப்பு வேறு என்று நாமே பிரித்துக் காட்டிவிட்டால், 'சட்டப்படி நாங்கள் அழிக்க முடியாது' என்ற பொதுப்பதிலுக்கு இடம் இருக்காது.

கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகைச் சீட்டோடு விரைவு அஞ்சலிலும் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். ஆனால் அந்த எண்ணை வைத்திருக்கும் வரவேற்பறைப் பெண் அடுத்த மாதம் வேலையை விட்டால், உங்கள் செய்தியும் அவரோடு போய்விடும்.

நான்காம் நாள் போன் வந்தது. "எடுத்தாச்சு மேடம்."

அன்று இரவே ஒன்பது இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். யூடியூபில் மையத்தின் பக்கத்தைத் திறந்தால் வீடியோ இல்லை. தேடினாலும் இல்லை. ஆனால் பழைய சுட்டியை அழுத்தினால் முழுதாக ஓடியது. அதை அவர்கள் அழிக்கவில்லை, 'Unlisted' என்று மாற்றியிருந்தார்கள். அப்படி மாற்றினால் பட்டியலில் மட்டும்தான் மறையும். சுட்டி கையில் இருக்கிற யாரும் பார்க்கலாம். அவர்கள் இணையதளத்தின் முகப்பில் பதித்திருந்த அதே வீடியோவும் அதனால் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. 'Private' ஆக்கினால் அது நிற்கும், அழித்தால்தான் போகும். இன்ஸ்டாகிராம் பதிவு கண்ணில் படவில்லை. அங்கே 'Archive' என்ற வசதி இருக்கிறது, ஒரே தொடுதலில் மறைத்து ஒரே தொடுதலில் திரும்பக் கொண்டுவரலாம். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அழித்ததும் மறைத்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்தில் பதில் கேட்டது இதற்காகத்தான்.

இணையதளத்தில் 'வெற்றிக் கதைகள்' என்ற பக்கத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்த பையனின் படக்கோப்பை மட்டும் அதன் தனி முகவரியில் திறந்தால் வந்தது. வேர்ட்பிரஸ் போன்றவற்றில் பக்கத்தை நீக்கினால் எழுத்து போகும், படம் கிடங்கில் அப்படியே கிடக்கும். கூகுளின் படத்தேடலும் அதைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேலையைச் செய்த பையனுக்கும் இது தெரிந்திருக்காது. ஈரோட்டுக் கிளை அசையவே இல்லை. மையத்தின் பதிவை 'ஷேர்' மட்டும் செய்திருந்தால் மூலம் போனதும் அதுவும் போயிருக்கும். அவர்கள் வீடியோவைத் தனியாக ஏற்றியிருந்ததால் அது தனி மரமாக நின்றது.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம்தான். எங்கே எப்படி மீதம் இருக்கிறது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பது மட்டும். கூடவே ஒரு புது விஷயம் சேர்ந்தது. 'முன்பு' காட்சி, வீட்டில் அம்மாவின் போனில் எடுத்து அவரே அனுப்பிக் கொடுத்தது. எடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை. மையத்தில் அவர்கள் எடுத்த பாதிக்கு அந்த உரிமையைக் கோர முடியாது, இந்தப் பாதிக்குக் கோரலாம். யூடியூப், ஃபேஸ்புக் நிறுவனங்கள் பதிப்புரிமைப் புகாரைத் தட்டிக் கழிப்பது குறைவு. கிளை அசையாவிட்டால் அந்த வழியில் போவேன் என்று ஒரு வரி எழுதினார்.

போக வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் எழுத்தில் பதில் வந்தது, தேதிகளோடு. ஒருவேளை வராமல் போயிருந்தால், நேரே அந்தத் தளங்களுக்குப் போகும் வழியும் உண்டு. யூடியூபில் அந்தரங்க மீறல் என்று புகார் செய்தால், ஏற்றியவருக்கு 48 மணி நேரம் தந்துவிட்டுத் தாங்களே பார்க்கிறார்கள். குழந்தைக்காகப் பெற்றோர் புகார் தரலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் படத்தைத் தேடல் முடிவுகளிலிருந்து எடுக்கும்படி பெற்றோரோ பிள்ளையோ கேட்கும் படிவத்தை கூகுள் 2021-லிருந்து வைத்திருக்கிறது. படம் அந்த இணையதளத்தில் இருந்தாலும் தேடலில் வராது. பிள்ளைக்கு 18 ஆன பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

திரும்ப வராதவையும் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் போன பிரதிகளை யாராலும் வரவழைக்க முடியாது. மையம் அச்சடித்த கையேட்டில் பையன் படம் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த அச்சில் வராது என்று எழுதிக் கொடுத்தார்கள், கொடுத்து முடித்தவை முடிந்தவைதான். வரவேற்பறையில் ஆளுயரத்தில் நின்ற ஃபிளெக்ஸை மட்டும் அவரே நேரில் போய்ப் பார்த்து, அகற்றியதை உறுதி செய்துகொண்டு வந்தார்.

பள்ளிக்கூடம் என்றால் கதை கொஞ்சம் மாறும். அறக்கட்டளை நடத்தும் பள்ளியை 2011 விதிகளுக்குள் கொண்டுவருவது வாதத்துக்குரிய விஷயம், மதிப்பெண்ணோடு போட்ட படத்தை உடல்நலத் தகவல் என்றும் சொல்ல முடியாது. 2027 மே வரை பள்ளிகளிடம் பெரும்பாலும் கடிதமும் நல்லெண்ணமும்தான் ஆயுதம். ஆனால் பள்ளி உங்களை நாள்தோறும் பார்க்க வேண்டிய இடம், அதுவே ஒரு பலம். வகுப்புக் குழுப்படத்தில் உங்கள் பிள்ளை நிற்கிறான் என்பதற்காக மொத்தப் படத்தையும் எடுக்கக் கேட்டால் மற்ற முப்பது பெற்றோரும் முகம் சுளிப்பார்கள். முகத்தை மங்கலாக்கக் கேட்கலாம். அடையாள அட்டைப் படம், அரசுப் பதிவேட்டுப் படம் இவை விளம்பரம் அல்ல, அவற்றைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பில் 490 எடுத்த பெண்ணின் படத்தைப் பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸாக வைக்கிறார்களே, அதற்குப் பெரும்பாலும் யாரும் சம்மதமே கேட்பதில்லை. கேட்காததைத் திரும்பப் பெற வேண்டியதில்லை, எடுங்கள் என்றால் போதும்.

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. பேச்சு வராத குழந்தைகளின் பெற்றோருக்கு இன்னொரு பெற்றோரின் அனுபவம் பெரிய தெம்பு என்பது உண்மை. ஆனால் அந்தத் தெம்பை அம்மாவின் முகமும் அம்மாவின் குரலும் மட்டுமே கொடுத்துவிடும். பாயில் உட்கார்ந்து சக்கரம் சுற்றும் பிள்ளையை அதற்குக் காட்ட வேண்டியதில்லை. மையத்துக்காரரிடம் இதைச் சொன்னேன். "குழந்தையைக் காட்டுனாத்தான் சார் ஜனங்க நம்புறாங்க" என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

ஜூன் மாதம் சேர்க்கைப் படிவங்கள் வரும். அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுத்து நான் பார்த்ததில்லை. அடிக்கத் தயக்கமாக இருந்தால் 'இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும், பெயர் இல்லாமல்' என்று ஓரத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் இன்றே கடிதம் எழுதலாம், 2027-க்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த விரைவு அஞ்சல் ரசீதையும் ஒப்புகைச் சீட்டையும் மட்டும் படிவத்தின் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் கேட்டது எந்தத் தேதியில் என்பதற்கு அதுதான் சாட்சி.